கணக்கில் பணம் இருக்கு, செக் மட்டும் ஏன் திரும்பி வந்தது? வங்கியில் இருக்கும் உங்கள் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிப்பது எப்படி?

கணக்கில் போதுமான பணம் இருக்கிறது. தேதி சரி. எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றாகவே இருக்கிறது. இருந்தும் நீங்கள் கொடுத்த காசோலை 'கையெழுத்து பொருந்தவில்லை' என்ற குறிப்புடன் திரும்பி வருகிறது. "என் கையெழுத்தை நானே போட்டேன், அப்புறம் எப்படிப் பொருந்தாமல் போகும்?" என்று உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

ஆனால் வங்கி உங்களைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. கணக்கு திறந்த நாளில் நீங்கள் போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையே முப்பது வருடம் ஓடியிருந்தால், உங்கள் கை மாறியிருக்கும். வங்கியில் இருக்கும் மாதிரி அப்படியே இருக்கும்.

பேராவில் இது பல குடும்பங்களுக்குப் பழக்கமான சிக்கல். சுங்கை சிப்புட், செமோர், தாப்பா, பீடோர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்து, தோட்டம் கைமாறிய பிறகு தாமான்களுக்குக் குடிவந்தவர்கள் ஏராளம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், பிறகு வேலைக்காகவோ வியாபாரத்துக்காகவோ ரோமன் எழுத்தில் சுருக்கிப் போடப் பழகியிருப்பார்கள். வங்கியில் இருப்பது எந்தக் கையெழுத்து என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும்.

காசோலை ஏன் திரும்புகிறது, மாதிரியை மாற்ற என்ன செய்ய வேண்டும், மாற்றும்போது எங்கே தவறு நடக்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

உங்கள் காசோலையை யார் பார்க்கிறார்கள்?

முன்பு காசோலை என்ற தாளே வங்கிக்கு வங்கி பயணம் செய்தது. கடைசியில் அது உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்கு வரும். அங்கே இருக்கும் ஊழியர் அலமாரியிலிருந்து உங்கள் கையெழுத்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சின்ன ஊர் என்றால் உங்களை அவருக்கு நேரிலேயே தெரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.

இப்போது அப்படி இல்லை. மலேசியாவில் காசோலைகள் 'ஈஸ்பிக்' என்ற மின்னியல் தீர்வு முறை வழியாகத்தான் போகின்றன. காசோலையை வாங்கியவர் தன் வங்கியில் அதைப் போட்டதும், அங்கேயே அது படம் பிடிக்கப்படுகிறது. தாள் அந்த வங்கியிலேயே தங்கிவிடும். உங்கள் வங்கிக்குப் போவது படமும், காசோலையின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்களும் மட்டும்தான். இதனால்தான் வேறு ஊர் காசோலைக்கும் இப்போது வழக்கமாக அடுத்த வேலை நாளிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது.

படத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் உங்கள் கிளையில் இருப்பவர் அல்ல. பல கிளைகளின் காசோலைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு மையப் பிரிவில் இருப்பவர். அவருடைய திரையில் ஒரு பக்கம் காசோலையில் உள்ள கையெழுத்து, இன்னொரு பக்கம் உங்கள் அட்டையிலிருந்து படமெடுத்து வைத்த மாதிரி. உங்களை அவர் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு படங்கள்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் நன்றாகத் தெரிவது படத்தில் தெரியாமல் போகலாம். மங்கலான மையில் போட்ட கையெழுத்து படத்தில் விட்டுவிட்டுத் தெரியும். கம்பெனி முத்திரையைக் கையெழுத்தின் மேலேயே குத்திவிட்டால் இரண்டும் கலந்துவிடும். கையெழுத்தின் வால் கீழே இறங்கி, எண்கள் அச்சிட்ட வெள்ளைப் பட்டைக்குள் போய்விட்டால் எண்களைப் படிப்பதிலும் சிக்கல் வரும். அதனால் அழியாத கறுப்பு அல்லது நீல மைப் பேனாவில், அதற்கென்று விட்ட இடத்துக்குள், முத்திரைக்கும் கையெழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுப் போடுவதே பாதுகாப்பு.

அவர்கள் எதைப் பார்த்து 'பொருந்தவில்லை' என்கிறார்கள்?

எந்த மனிதராலும் ஒரே கையெழுத்தை இரண்டு முறை அச்சுப்போலப் போட முடியாது. இது வங்கிக்கும் தெரியும். சின்னச் சின்ன வித்தியாசத்துக்காகக் காசோலையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சொல்லப்போனால் மாதிரியோடு மயிரிழை பிசகாமல் பொருந்தும் கையெழுத்துதான் சந்தேகத்தைக் கிளப்பும். அது மேலே தாள் வைத்து வரைந்ததாக இருக்கலாம்.

அவர்கள் பார்ப்பது கையின் பழக்கத்தை. கையெழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த எழுத்து பெரியது, எது சிறியது, எந்தப் பக்கம் சாய்கிறது, பேனா எங்கே தாளை விட்டு எழும்புகிறது, அடிக்கோடு உண்டா இல்லையா என்பவைதான் அவை. வேகமாக எழுதிப் பழகிய கையில் கோடு ஓரிடத்தில் அழுந்தியும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். பார்த்து வரைபவரின் கோடு மெதுவாக, ஒரே தடிப்பில், நடுங்கிப் போகும்.

இங்கேதான் வயதானவர்களுக்குச் சிக்கல். நீரிழிவால் விரல் மரத்துப்போனவர், பக்கவாதத்திலிருந்து தேறிவந்தவர், கை நடுக்கம் உள்ளவர் ஆகியோரின் உண்மையான கையெழுத்தும் மெதுவாகவும் நடுங்கியும்தான் இருக்கும். திரையில் அது கள்ளக் கையெழுத்தைப் போலவே தெரியும். பார்ப்பவருக்கு உங்கள் உடல்நிலை தெரிய வழியில்லை.

தமிழில் கையெழுத்துப் போட்டால் வங்கி ஏற்காது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எந்த எழுத்தில் இருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை. பார்ப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் அதை ஒரு வடிவமாகத்தான் ஒப்பிடுகிறார். மாதிரி தமிழில் இருந்தால் காசோலையிலும் தமிழில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன? வங்கி ஏன் இவ்வளவு கறார்?

தவறாகப் பணம் கொடுத்தால் நட்டம் வங்கியின் தலையில்தான் விழும் என்பதே காரணம். காசோலை என்பது 'என் கணக்கிலிருந்து இவருக்குப் பணம் கொடு' என்று நீங்கள் வங்கிக்கு இடும் கட்டளை. அந்தக் கட்டளையை உங்களுடையதாக்குவது கையெழுத்து ஒன்றுதான். மலேசியாவின் 1949ஆம் ஆண்டு மாற்றுண்டியல் சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, போலிக் கையெழுத்துக்கு எந்தச் சக்தியும் கிடையாது. கையெழுத்து போலி என்றால் நீங்கள் கட்டளையே இடவில்லை என்றாகிறது. அப்படியானால் உங்கள் கணக்கிலிருந்து வங்கி பணத்தைக் கழித்ததும் செல்லாது.

இது ஏட்டோடு நிற்கும் விதி அல்ல. ஹாங்காங்கில் 'தாய் ஹிங்' என்ற நூற்பாலையின் கணக்கு எழுத்தர், நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போட்டுச் சுமார் 300 காசோலைகள் தயாரித்தார். போன பணம் சுமார் 55 லட்சம் ஹாங்காங் டாலர். பல வருடங்களாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 'மாதாமாதம் கணக்கு அறிக்கை அனுப்பினோமே, நீங்கள் பார்த்திருக்க வேண்டாமா?' என்று வங்கிகள் வாதாடின. 1985இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. நட்டம் வங்கிகளுக்கே என்று தீர்ப்பளித்தது. மலேசியாவின் உச்ச நீதிமன்றமும் 1993இல் 'தாய் சூன் ஹெங்' என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் அதே வழியைப் பின்பற்றியது.

அதற்குப் பிறகு சட்டத்தில் 73ஏ என்ற பிரிவு சேர்ந்தது. போலிக் கையெழுத்துக்கு நீங்களே தெரிந்தோ கவனக்குறைவாலோ வழிவிட்டிருந்தால், நல்லெண்ணத்தில் பணம் கொடுத்த வங்கிக்கு எதிராக அது உங்கள் கையெழுத்தாகவே கருதப்படும் என்கிறது அந்தப் பிரிவு. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு மேசையில் வைப்பது, செக் புத்தகத்தைப் பிறர் கையில் விட்டுவிட்டுப் பல மாதம் கணக்குப் பார்க்காமல் இருப்பது போன்ற பழக்கங்கள் வழக்கு என்று வந்தால் உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

ஆக, சந்தேகமான கையெழுத்துக்குப் பணம் கொடுத்தால் வங்கிக்கு நட்டம் வரலாம். திருப்பி அனுப்பினால் உங்களுக்குச் சங்கடம் வரும். இரண்டில் எதை வங்கி தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் உதாரணம்: 4,800 ரிங்கிட் செக்

இது நடைமுறையை விளக்க எடுத்துக்கொண்ட கற்பனை உதாரணம். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர், இப்போது செமோரில் சின்ன லோரிக் குத்தகை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1991இல் ஈப்போ கிளை ஒன்றில் நடப்புக் கணக்கு திறந்தார். அன்றைக்கு அட்டையில் 'மு.' என்று முதலெழுத்துப் போட்டு, தமிழில் முழுப் பெயரையும் எழுதினார். இத்தனை வருடமும் பெரும்பாலும் ரொக்கமாகவே கொடுத்து வாங்கினார். செக் எழுதியது அபூர்வம். மைகார்டு எடுக்கவும் லோரி பத்திரங்களுக்கும் அவர் போட்டுப் பழகியது ரோமன் 'எம்' எழுத்தும் அதன் பின்னால் ஓர் அலைக்கோடும்தான்.

மகளின் திருமணத்துக்குச் சாப்பாட்டு ஏற்பாடு செய்பவரிடம் முன்பணமாக 4,800 ரிங்கிட்டுக்குக் காசோலை கொடுக்கிறார். திங்கட்கிழமை காலை அவர் அதைத் தன் வங்கியில் போடுகிறார். செவ்வாய்க்கிழமை அது திரும்பிவிடுகிறது. அவர் கைக்கு வருவது மூலக் காசோலை அல்ல, காசோலையின் படம் அச்சிட்ட ஒரு தாள். அதில் திரும்பியதற்கான காரணம் குறிக்கப்பட்டிருக்கும்.

உடனே போன் வருகிறது: "அண்ணே, செக் திரும்பிருச்சு. நாளைக்குள்ள பணம் வரலன்னா தேதிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

இந்த இடத்தில் பலர் செய்யும் முதல் தவறு, அதே மாதிரி இன்னொரு செக் எழுதிக் கொடுப்பது. அதுவும் திரும்பும். ஏனென்றால் மாதிரி இன்னும் மாறவில்லை. திரும்பியதை மறுபடி வங்கியில் போடச் சொல்வதும் அதே கதைதான். இரண்டாவது தவறு, 'பழைய கையெழுத்து ஞாபகம் இருக்கு' என்று நினைவிலிருந்து வரைய முயல்வது. முப்பது வருடமாகப் போடாத கையெழுத்தை மெல்ல மெல்ல வரைந்தால், அது போலியின் அடையாளத்தோடுதான் வரும்.

சரியான வரிசை இதுதான். முதலில் திரும்பிய தாளில் உள்ள காரணத்தைப் பார்க்க வேண்டும். 'கையெழுத்து பொருந்தவில்லை' என்பது வேறு, 'பணம் போதவில்லை' என்பது வேறு. அடுத்து, சாப்பாட்டுக்காரருக்கு அன்றைக்கே இணையப் பரிமாற்றத்தில், அல்லது கிளைக்குப் போய் எடுத்து ரொக்கமாக, பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு, திரும்பிய தாளையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஒரே கடனுக்கு இரண்டு முறை பணம் போகாமல் அது காக்கும். அவசரம் தீர்ந்த பிறகு மாதிரியை மாற்றக் கிளைக்குப் போகலாம்.

மாதிரிக் கையெழுத்தை மாற்றுவது எப்படி?

இதை போனிலோ இணையத்திலோ முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நீங்கள்தான் கணக்குக்காரர் என்பதை வங்கி நேரில் உறுதி செய்ய வேண்டியிருப்பதால், பொதுவாகக் கிளைக்குப் போகத்தான் வேண்டும். சில வங்கிகள் எந்தக் கிளையிலும் செய்து தரும். சில வங்கிகள் கணக்கு திறந்த கிளைக்கே போகச் சொல்லும். பழைய கணக்கு ஈப்போவில் இருந்து, நீங்கள் இப்போது சிலாங்கூரில் இருந்தால், கிளம்புவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மைகார்டு கட்டாயம் வேண்டும், நகல் போதாது. செக் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பிய தாள் கையில் இருந்தால் அதையும் காட்டலாம். கவுண்டரில் 'ஸ்பெசிமன் சிக்னேச்சர் மாத்தணும்' என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

முதலில் ஆள் நீங்கள்தானா என்று பார்ப்பார்கள். மைகார்டைக் கருவியில் செருகி, கட்டைவிரலை வைக்கச் சொல்வார்கள். தோட்டத்தில் வருடக்கணக்கில் கத்தி பிடித்து, பால் உறைய வைக்கும் அமிலத்தில் புழங்கிய கைகளில் ரேகை தேய்ந்திருப்பது சகஜம். கருவி ஏற்காவிட்டால் பதறாதீர்கள். மைகார்டில் இரண்டு கட்டைவிரல் ரேகையும் இருப்பதால் மற்ற விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையை ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, மறுபடி வைத்தால் பல நேரம் வேலை செய்யும். அதுவும் முடியாவிட்டால் கடப்பிதழ், ஓட்டுநர் உரிமம் போன்ற வேறு ஆவணத்தை வங்கி கேட்கலாம். அதனால் அவற்றையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்துப் பாரம். அதில் பழைய கையெழுத்தைப் போடும்படி கேட்கலாம். முடியாவிட்டால் வரைய முயலாமல், 'பழையது போட வராது, அதனால்தான் மாத்த வந்தேன்' என்று நேராகச் சொல்லுங்கள். அடையாளம் உறுதியாகியிருந்தால் அதற்கான வழி வங்கியிடம் உண்டு. பிறகு புதிய கையெழுத்தை அட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போடச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். அட்டையில் அழகாகப் போட வேண்டும் என்று நிதானமாக எழுதுபவர்களே அதிகம். பிறகு செக்கில் அவசரமாகக் கிறுக்கும்போது அது பொருந்தாது. வீட்டிலேயே ஒரு தாளில் பத்து முறை, சாதாரண வேகத்தில் போட்டுப் பாருங்கள். பத்திலும் மாறாமல் வரும் வடிவத்தையே புதிய மாதிரியாக வையுங்கள். கை நடுங்குமானால் நடுக்கத்தோடு வருவதே உங்கள் இன்றைய கையெழுத்து. அதையே கொடுங்கள். முடிந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் அது உதவும். ஆனால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எழுந்து வருவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "எந்தத் தேதியிலிருந்து புதுக் கையெழுத்து செல்லும்?" அட்டை படமெடுக்கப்பட்டு மையப் பிரிவின் கணினிக்குப் போய்ச் சேரச் சில நாள் ஆகலாம். "என்னோட எல்லாக் கணக்குக்கும் மாறிடுச்சா?" நடப்புக் கணக்கு, சேமிப்பு, நிரந்தர வைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை இருக்கலாம். ஒன்று மட்டும் மாறி, மற்றவை பழையபடியே கிடக்க வாய்ப்பு உண்டு.

பலர் மறந்துவிடுவது: வெளியே போன செக்குகள்

மாதிரி மாறிய நாளிலிருந்து வங்கி ஒப்பிடுவது புதியதோடு. அப்படியானால் பழைய கையெழுத்தில் நீங்கள் ஏற்கனவே எழுதிக் கொடுத்து, இன்னும் வங்கிக்கு வராத செக்குகள் என்ன ஆகும்? அவையும் 'பொருந்தவில்லை' என்று திரும்பலாம்.

கடை வாடகைக்கு ஆறு மாதத்துக்குப் பின்தேதியிட்ட செக் கொடுத்து வைத்திருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் மாற்றப் போகும்போதே செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து, வெளியே இருக்கும் செக்குகளின் எண், தேதி, தொகையை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழைய கையெழுத்தில் இவற்றை ஏற்க முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். முடியும் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வாங்கியவர்களிடம் சொல்லி, பழையதைத் திரும்பப் பெற்றுப் புதிய செக் கொடுங்கள். தேதியிலிருந்து ஆறு மாதம் தாண்டிய செக்கை வங்கி எப்படியும் ஏற்காது என்பதால், அதற்கு முந்தையவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கோயில், சங்கம், பள்ளிக் கணக்குகள்

இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய கணக்குகளில் சிக்கலும் இரட்டிப்பு. தோட்டத்துக் கோயில், மரண சகாய நிதி, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லாம் இந்த வகைதான். 'தலைவரோ செயலாளரோ ஒருவர், கூடவே பொருளாளர்' என்பது போல வங்கியிடம் ஓர் ஏற்பாடு எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆண்டுக் கூட்டத்தில் புதிய பொறுப்பாளர்கள் வந்துவிடுவார்கள், வங்கியில் பழையவர்களின் கையெழுத்தே இருக்கும். புதிய பொருளாளர் போட்ட செக் திரும்பும். பழைய பொருளாளர் ஊர் மாறியிருப்பார், சில இடங்களில் காலமாகியும் இருப்பார். துக்க வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய சகாயத் தொகை கணக்கிலேயே முடங்கிவிடும்.

இங்கே கவுண்டரில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதாது. புதியவர்கள் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டதையும், கணக்கை நடத்த அவர்களுக்கு அதிகாரம் தரப்பட்டதையும் காட்ட வேண்டும். அதனால் கூட்டக் குறிப்பிலேயே, எந்த வங்கி, எந்தக் கணக்கு எண், யார் நீங்குகிறார், யார் சேர்கிறார், எத்தனை பேர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று தெளிவாகத் தீர்மானம் எழுதுங்கள். 'புதிய நிர்வாகம் வங்கிக் கணக்கை நடத்தும்' என்று மொட்டையாக எழுதினால் வங்கி திருப்பி அனுப்பிவிடும்.

பதிவு பெற்ற சங்கம் என்றால், ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். புதிய பொறுப்பாளர் பட்டியல் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று வங்கி பார்க்கக்கூடும். அறிக்கையைத் தாமதப்படுத்தினால் கையெழுத்து மாற்றமும் தாமதமாகும். நீங்கும் பொறுப்பாளர் பொறுப்பை ஒப்படைக்கும் நாளிலேயே, புதியவரோடு சேர்ந்து வங்கிக்கு ஒரு நடை போய்வந்தால் பாதித் தலைவலி குறையும்.

கையெழுத்தே போட முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

கைநாட்டு வைத்து நடத்தும் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்குக்குப் பொதுவாகச் செக் புத்தகம் கொடுப்பதில்லை. காரணம், படத்தில் இருக்கும் ரேகையை வைத்து ஆளை உறுதி செய்ய முடியாது. கணக்குக்காரர் மைகார்டோடு நேரில் வந்து பணம் எடுக்க வேண்டும்.

நோயால் கை விழுந்துவிட்ட அப்பா, அம்மாவுக்குப் பிள்ளைகள் அவர்களின் கையெழுத்தைப் 'பார்த்துப் போட்டு' செக் கொடுப்பது சில வீடுகளில் நடக்கிறது. அப்பா சம்மதித்துத்தான் போட்டேன் என்றாலும் வங்கியின் கண்ணில் அது கணக்குக்காரரின் கையெழுத்து அல்ல. பின்னால் சகோதரர்களுக்குள் பணத் தகராறு வந்தால் அந்தச் செக்குதான் முதலில் வெளியே வரும்.

இதற்குச் சரியான வழிகள் உண்டு. அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, பிள்ளை ஒருவரைக் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவராக வங்கியில் சேர்க்கலாம். அல்லது 'யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும்' என்ற ஏற்பாட்டில் கூட்டுக் கணக்காக மாற்றலாம். பெரிய விவகாரம் என்றால் வழக்கறிஞர் மூலம் அதிகாரப் பத்திரம் எழுதி, உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்து வங்கியில் கொடுக்கலாம். எதைச் செய்வதானாலும் அவர் புரிந்துகொண்டு சம்மதிக்கும் நிலையில் இருக்க வேண்டும். நினைவு தப்பிய பிறகு இந்தக் கதவுகள் மூடிவிடும்.

செக் திரும்பினால் பெயர் கெட்டுவிடுமா?

கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவதுதான் கெட்ட பதிவாகும். 12 மாதத்துக்குள் மூன்று முறை அப்படித் திரும்பினால் நடப்புக் கணக்கையே மூடிவிடுவார்கள். கையெழுத்து பொருந்தாமல் திரும்புவது அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் திரும்பிய செக்குக்கு வங்கி கட்டணம் விதிக்கலாம். எவ்வளவு என்பதை வங்கியின் கட்டணப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரியைப் புதுப்பித்த பிறகும், புதிய கையெழுத்தில் போட்ட செக் திரும்பினால் என்ன செய்வது? அது வங்கியின் பக்கத் தவறாக இருக்கலாம். அட்டை கணினியில் ஏறாமல் இருந்திருக்கும், அல்லது வேறு கணக்கில் ஏறியிருக்கும். புதுப்பித்த பாரத்தின் நகலோடு வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். கட்டணம் பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். அவர்களின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், பேங்க் நெகாராவின் பொதுமக்கள் தொடர்புப் பிரிவிடமோ, 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் அமைப்பிடமோ கொண்டுபோகலாம். அதனால்தான் கிளையில் பாரம் கொடுத்த அன்றே முத்திரை குத்திய நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், நீங்கள் மாற்றக் கொடுத்ததை நிரூபிக்கக் கையில் எதுவும் இருக்காது.